ஒற்றைச் சொல் தலைப்புகளைத் தமிழாக்குவது எப்படி: ஒரு சுங்குடிக் கடையின் எக்செல் கோப்பை முன்வைத்து

கதை, கட்டுரை, கடிதம் மொழிபெயர்த்துப் பழகியவர்கள்கூட எக்செல் கோப்பு என்று வந்தால் தடுமாறுகிறார்கள். வாக்கியம் என்றால் முன்னும் பின்னும் இருக்கும் சொற்கள் கைகொடுக்கும். எக்செல் கட்டத்தில் `Balance` என்று ஒரே ஒரு சொல்தான் நிற்கும், அது பணமா, சரக்கா, யாரிடம் இருப்பது, யாருக்குச் சேர வேண்டியது என்று எதுவும் அந்தக் கட்டத்துக்குள் இருக்காது. ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கலாம், `Open` என்றால் திற என்றும் சொல்லலாம், திறந்திருக்கிறது என்றும் சொல்லலாம், இன்னும் முடியவில்லை என்றும் சொல்லலாம். தமிழில் இது மூன்றுக்கும் ஒரே வடிவம் கிடையாது, ஏதாவது ஒன்றை நாம் முடிவு செய்துதான் ஆக வேண்டும். முடிவு செய்ய ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைக் கோப்புக்குள்ளேயே எப்படித் தேடுவது, கிடைக்காதபோது யாரிடம் என்ன கேட்பது, தமிழாக்கியபின் கணக்கு உடையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இவைதான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாக மதுரையில் விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஒரு சுங்குடிச் சேலை மொத்த வியாபாரியின் கோப்பை வைத்துக்கொள்வோம். சுங்குடி வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் கோப்பு புரியும். வெள்ளைத் துணியில் நூலால் சின்னச் சின்ன முடிச்சுகள் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். முடிச்சுப் போடும் வேலை பெரும்பாலும் வீடுகளில் நடப்பது. ஆக வியாபாரி துணியைக் கொடுப்பார், முடிச்சுப் போட்டு வாங்குவார், கூலி கொடுப்பார், சாயப் பட்டறைக்கு அனுப்புவார், கடைசியில் விற்பார். கணக்கை ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆங்கிலத்தில் ஏற்றுகிறார். வாரா வாரம் குடோன்காரருக்கும் முடிச்சு வேலை செய்பவர்களுக்கும் அதைத் தமிழில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். நம் வேலை இதுதான்.

கோப்பில் `Tying` என்ற தாளின் தலைப்புகளும் முதல் பதிவும் இப்படி (எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை):

```
A: Date      15-06
B: Name      (ஆள் பெயர்)
C: Lot       27
D: Issue     20
E: Return    14
F: Balance   6
G: Rate      150
H: Amount    2100
I: Advance   500
J: Balance2  1600
K: Due       22-06
L: Status    Open
```

முதலில் சொல்லைப் பார்க்காதீர்கள், கீழே இருப்பதைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் செய்வது, தலைப்பு வரியை மட்டும் தனியாக நகலெடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்து எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் `Issue` பிரச்சினை ஆகிவிடும், `Return` திரும்புதல் ஆகிவிடும், `Balance2` என்பது இருப்பு2 ஆகிவிடும். எனவே தலைப்பைக் கையால் மறைத்துவிட்டு அந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எண்ணா, தேதியா, சொல்லா? எண் என்றால் எவ்வளவு பெரிய எண்? D, E, F மூன்றிலும் 6, 14, 20 என்று சின்ன முழு எண்கள். H, J இரண்டிலும் ஆயிரக்கணக்கில். சின்ன முழு எண் பெரும்பாலும் உருப்படி, ஆயிரக்கணக்கில் இருப்பது பெரும்பாலும் ரூபாய். இது ஊகம்தான், உறுதி செய்ய அடுத்த வழி இருக்கிறது.

`Ctrl` விசையோடு `` ` `` விசையை அழுத்துங்கள் (அது எண் 1-க்கு இடது பக்கம் இருக்கும்). தாளில் உள்ள எல்லாச் சூத்திரங்களும் வெளியே தெரியும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். நம் தாளில் இப்படித் தெரிகிறது:

```
F2: =D2-E2
H2: =E2*G2
J2: =H2-I2
```

இந்த மூன்று வரியும் அகராதி சொல்லாததை எல்லாம் சொல்லிவிடுகின்றன. `Issue`-இலிருந்து `Return`-ஐக் கழித்தால் `Balance` வருகிறது. அப்படியானால் `Issue` என்பது கொடுத்த துணி, `Return` என்பது முடிச்சுப் போட்டுத் திரும்பி வந்தது, F நெடுவரிசை இன்னும் வர வேண்டிய சேலை. அடுத்து, `Rate`-ஐப் பெருக்கியிருப்பது `Issue`-ஆல் அல்ல, `Return`-ஆல். அதாவது செய்து கொடுத்த உருப்படிக்கு மட்டும் பணம். ஆகவே `Rate` இங்கே சேலை விலை இல்லை, ஒரு சேலைக்கு முடிச்சுக் கூலி. `Amount` மொத்தக் கூலி. அதிலிருந்து `Advance` கழிகிறது, மிச்சம் `Balance2`. இது கொடுக்க வேண்டிய கூலி பாக்கி.

இரண்டாவது `Balance`-க்கு ஏன் 2 ஒட்டிக்கொண்டது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எக்செல்லில் ஒரு பகுதியை டேபிளாக மாற்றினால் ஒரே தலைப்பு இரண்டு நெடுவரிசைக்கு இருக்க எக்செல் விடாது, இரண்டாவதன் பின்னால் தானே ஒரு எண்ணைச் சேர்த்துவிடும். ஆகவே தலைப்பின் கடைசியில் காரணமில்லாமல் 2, 3 என்று பார்த்தால், அந்தத் தாளில் ஒரே சொல் வேறு வேறு பொருளில் வந்திருக்கக்கூடும் என்று எச்சரிக்கையாகிவிடுங்கள். அந்த 2-ஐத் தமிழிலும் கொண்டுவரவே கூடாது. F-க்குச் சேலை பாக்கி, J-க்குக் கூலி பாக்கி. சேலை, கூலி என்று எதைப் பற்றிய பாக்கி என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

அதே சொல், அடுத்த தாள்

கோப்பில் `Sales` என்று இன்னொரு தாள் இருக்கிறது. அதிலும் `Return`, `Rate`, `Due`, `Issue` நான்கும் வருகின்றன. `Tying` தாளுக்குக் கண்டுபிடித்த தமிழை அப்படியே இங்கே ஒட்டினால் நான்குமே தப்பாகும். இங்கே `Return` வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சேலை, `Rate` விற்பனை விலை. `Due` அங்கே தேதி, அதாவது முடிச்சுப் போட்டுக் கொண்டுவர வேண்டிய நாள், இங்கே 8400 என்று எண் இருக்கிறது, ஆக வர வேண்டிய பணம். `Issue` நெடுவரிசையில் எண்ணே இல்லை, `colour run`, `2 short` என்று சொற்கள் இருக்கின்றன. இது சாயம் போனது, எண்ணிக்கை குறைந்தது போன்ற புகார்கள், எனவே இங்கே குறை என்று வர வேண்டும்.

எக்செல்லின் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றும் வசதியை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். `Find and Replace` போய், `Within` என்ற இடத்தில் `Workbook` இருக்கும்போது `Return`-ஐத் தேடி எல்லாவற்றையும் மாற்று என்றால் அது இரண்டு தாளிலும் மாற்றும், சூத்திரத்துக்குள் இருப்பதையும் மாற்றும், எங்கெங்கே மாற்றியது என்று காட்டாமல். ஆனால் தேடுவதற்கு மட்டும் அது அருமையான கருவி. `Within` என்ற இடத்தில் `Workbook` என்று வைத்து `Find All` கொடுங்கள், அந்தச் சொல் எந்தெந்தத் தாளில், எந்தக் கட்டத்தில், எந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது என்று முழுப் பட்டியல் கீழே வரும். ஒரு தலைப்புக்குத் தமிழ் முடிவு செய்யும் முன்னால் இந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சுருக்கெழுத்துகளுக்கும் இதே வழிதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. `Col` என்றால் நெடுவரிசை என்று நினைக்கத் தோன்றும், கீழே `R/B`, `G/M` என்று இருப்பதைப் பார்த்தால் நிறம் என்று புரியும். ஆனால் `R/B`-யில் எது உடல் நிறம், எது பார்டர் நிறம், `B` கறுப்பா நீலமா என்பது கோப்பில் இல்லாத விவரம், கடையில் கேட்க வேண்டும். `No` என்று முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு தலைப்பு இருந்தால் அது எண். கட்டத்துக்குள் `Yes`-க்குப் பக்கத்தில் இருந்தால் அதன் பொருள் இல்லை என்பது. `Grey` என்று துணி வகையில் இருந்தால் அது சாம்பல் நிறம் இல்லை, வெளுக்காத, சாயம் போடாத காடா துணி. நிறப் பட்டியலில் இருந்தால் சாம்பல் நிறமேதான்.

கட்டத்துக்குள் இருக்கும் சொற்கள்

தலைப்பை விடக் கஷ்டமானது `Status` போன்ற நெடுவரிசைகளுக்குள் திரும்பத் திரும்ப வரும் ஒற்றைச் சொற்கள். முதலில் எத்தனை வகைச் சொல் இருக்கிறது என்று எடுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் புதிய எக்செல்லிலும் காலியான ஒரு இடத்தில் இதைப் போட்டால் போதும்:

```
=UNIQUE(L2:L300)
```

பழைய எக்செல் என்றால் அந்த நெடுவரிசையை வேறொரு தாளில் ஒட்டி `Remove Duplicates` கொடுங்கள். நம் கோப்பில் `Open`, `Closed`, `Close`, `Hold` வருகின்றன, அதோடு `Open` என்பதே இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றின் பின்னால் ஒரு இடைவெளி இருக்கிறது. `=LEN(L2)` என்று போட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 5 என்று வரும். இதை ஆபரேட்டரிடம் சொல்லி மூலக் கோப்பிலேயே சரி செய்யச் சொல்லுங்கள், `Close`-ஐ `Closed`-ஓடு சேர்க்கலாமா என்பதையும் அவரே சொல்லட்டும். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

இப்போது பொருள். ஃபில்டர் போட்டு `Open` வரிகளை மட்டும் பாருங்கள். எல்லாவற்றிலும் சேலை பாக்கி பூஜ்யத்தை விட அதிகம். அப்படியானால் இது திறந்திருப்பதும் இல்லை, திறப்பதும் இல்லை, வேலை இன்னும் முடியவில்லை என்பது. `Closed` வரிகளில் சேலை பாக்கியும் பூஜ்யம், கூலி பாக்கியும் பூஜ்யம். கணக்கு முடிந்தது. `Hold` வரிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. ஒரு வரியில் கொடுத்தது 10, வந்தது 10, சேலை பாக்கி 0, ஆனால் கூலி பாக்கி 1500 அப்படியே நிற்கிறது. இன்னொரு `Hold` வரியிலும் அதே கதை. ஆகவே நிறுத்தப்பட்டது வேலை இல்லை, ஆளும் இல்லை, கூலி. ஏன் நிற்கிறது என்பது மட்டும் கோப்பில் இல்லை.

இங்கேதான் கடைக்காரரிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில். “ஹோல்டுன்னா என்ன அர்த்தம்ணே?” என்று கேட்டால், “ஹோல்டுதான் தம்பி, நிப்பாட்டி வச்சிருக்கோம்” என்றுதான் வரும். அவருக்கு அந்தச் சொல் பழகிப்போனது, அதற்குள் இரண்டு பொருள் இருக்கும் என்றே அவருக்குத் தோன்றாது. அதற்குப் பதிலாக ஒரு வரியைக் காட்டி, அந்த வரியில் நடந்ததைக் கேளுங்கள்.

“அண்ணே, இந்த அக்கா பத்துச் சேலையும் கொடுத்துட்டாங்க, ஆனா ஆயிரத்தைநூறு இன்னும் கொடுக்கலன்னு இருக்கு. இவங்களுக்கு எப்ப கொடுப்பீங்க?”

“அதுல ரெண்டு சேலைல முடிச்சு லூசா இருந்துச்சு. திருப்பிக் கட்டித் தரேன்னாங்க. கட்டிக் கொடுத்ததும் கொடுத்துருவோம்.”

முடிச்சு தளர்ந்திருந்தால் சாயம் உள்ளே இறங்கிப் புள்ளி மறைந்துவிடும், அதனால் சாயத்துக்குப் போகும் முன்பே பார்த்து நிறுத்துகிறார்கள். இது தெரிந்தபின் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கூலி நிறுத்தம் என்று போட்டால் அதைப் படிக்கும் பெண் இனிமேல் கூலியே கிடையாது என்று பயந்துவிடுவார், கடைக்காரருக்கும் சங்கடம். சரிசெய்ததும் கூலி என்று போட்டால் என்ன செய்ய வேண்டும், செய்தால் என்ன கிடைக்கும் இரண்டும் அதிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

யார் யாருக்குக் கொடுத்தது என்ற திசையையும் இப்படித்தான் சரிபார்க்க வேண்டும். `Paid` என்று `Tying` தாளில் இருந்தால் கடை கொடுத்தது, `Sales` தாளில் இருந்தால் கடைக்கு வந்தது. செலுத்தப்பட்டது என்று பொதுவாகப் போட்டு இரண்டுக்கும் பொருத்திவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். கூலி கொடுத்தாச்சு, பணம் வந்தாச்சு என்று கடையில் பேசுகிறபடி எழுதலாம். அச்சில் கொஞ்சம் மரியாதையாக இருக்க வேண்டும் என்றால் கூலி கொடுத்தது, பணம் வந்தது. எதை எடுத்தாலும் ஒரே நெடுவரிசைக்குள் வடிவம் மாறக் கூடாது, ஒன்று முடிந்தது, இன்னொன்று முடிவு, மூன்றாவது முடிக்கப்பட்டுள்ளது என்று இருந்தால் மூன்றும் வேறு வேறு நிலை போலத் தெரியும்.

சொல் கிடைக்காமல் திண்டாடும்போது ஒரு நல்ல இடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இந்தக் கணக்கைச் சிட்டை நோட்டில்தான் எழுதியிருப்பார்கள். பழைய நோட்டு ஒன்று இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கொடுத்தது, வந்தது, பாக்கி, கூலி, முன்பணம் என்று தலைப்புகள் அதில் தமிழிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். படிக்கப் போகிறவர்களுக்குப் பழகிய சொல் அதுதான், நாம் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை. மதுரைச் சுங்குடித் தொழிலில் பரம்பரையாக இருப்பவர்கள் சௌராஷ்டிரர்கள், ஆகவே சில கடைகளில் தொழிற்சொற்கள் வீட்டு மொழியிலும் இருக்கும். அதைத் தமிழ்ப் பெயரோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அச்சுப் படி யாருக்குப் போகிறது என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

கண்டுபிடித்ததை எங்கே எழுதுவது

மென்பொருள் மொழிபெயர்க்கிறவர்கள் பயன்படுத்தும் பிஓ கோப்புகளில் `msgctxt` என்று ஒரு வரி உண்டு. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வந்தால், எது எந்த இடம் என்று சொல்வதற்காகவே அந்த வரி. எக்செல்லில் அப்படி ஒன்று தானாகக் கிடையாது, நாம்தான் உண்டாக்க வேண்டும். கோப்பிலேயே `Words` என்று ஒரு புதுத் தாள் திறந்து, A-யில் சாவி, B-யில் பொருள் விளக்கம், C-யில் தமிழ் என்று வையுங்கள். சாவி என்பது தாளின் பெயர், தலைப்பு, சொல் மூன்றையும் ஒரு கோட்டால் சேர்த்தது:

```
Tying|Status|Open     சேலை இன்னும் வரணும்     வேலை நடக்கிறது
Tying|Status|Closed   ரெண்டு பாக்கியும் 0      கணக்கு முடிந்தது
Tying|Status|Hold     சேலை வந்தது, குறை உண்டு  சரிசெய்ததும் கூலி
Sales|Status|Open     பணம் வரணும்            பணம் வரவில்லை
```

முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். இரண்டும் `Open`-தான், ஆனால் சாவி வேறு, தமிழ் வேறு. சொல்லை மட்டும் சாவியாக வைத்திருந்தால் இது முடியாது. B-யில் எழுதும் விளக்கம் அழகாக இருக்க வேண்டியதில்லை, உங்களுக்குப் பின் இந்தக் கோப்பை எடுப்பவர் ஏன் இந்தச் சொல் என்று புரிந்துகொண்டால் போதும். தலைப்புகளையும் இதே தாளில் `Tying|F|Balance` என்று நெடுவரிசை எழுத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

மூலத்தைத் தொடாமல் தமிழ் காட்டுவது

மூலத் தாளில் உள்ள ஆங்கிலத் தலைப்பையும் சொல்லையும் அழித்துவிட்டு அதே இடத்தில் தமிழை எழுதாதீர்கள். காரணம் இது. கோப்பில் எங்கோ ஒரு மூலையில் இப்படி ஒரு சூத்திரம் இருக்கிறது:

```
=SUMIF(L2:L300,"Open",F2:F300)
```

வெளியே இன்னும் எத்தனை சேலை நிற்கிறது என்று முதலாளி பார்க்கிற எண் இது. L நெடுவரிசையில் `Open` எல்லாம் வேலை நடக்கிறது என்று மாறிவிட்டால், சூத்திரம் `Open`-ஐத் தேடும், கிடைக்காது, 0 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாச் சேலையும் வந்துவிட்டது போலிருக்கும். வேலை செய்யாத சூத்திரத்தைவிட இப்படித் தவறாக வேலை செய்யும் சூத்திரம் ஆபத்து. தலைப்பை மாற்றினாலும் தொல்லை உண்டு. டேபிளின் தலைப்பைப் பார்த்து எழுதிய சூத்திரங்களை எக்செல் தானே மாற்றிக்கொள்ளும், ஆனால் `MATCH("Balance",...)` என்று மேற்கோள் குறிக்குள் தலைப்பை எழுதியிருந்தால் மாற்றாது. பைவட் டேபிள் இருந்தால் `Refresh` செய்ததும் அந்த நெடுவரிசை அதிலிருந்து விழுந்துவிடும். வேர்டில் மெயில் மெர்ஜ் வைத்துக் கூலிச் சீட்டு அச்சடிக்கிறார்கள் என்றால் அதுவும் நின்றுபோகும்.

எனவே தமிழுக்கென்று தனித் தாள் ஒன்று போட்டு, முதல் வரியில் தமிழ்த் தலைப்புகளை எழுதி, கீழே மூலத் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். எண்களுக்கும் தேதிகளுக்கும் இது:

```
=IF(Tying!E2="","",Tying!E2)
```

வெறுமனே `=Tying!E2` என்று போட்டால், அங்கே காலியாக இருக்கும் கட்டம் இங்கே 0 ஆகத் தெரியும், காலித் தேதி 1900-ஆம் ஆண்டுத் தேதி போல வரும். சேலை எதுவும் வரவில்லை என்பதும் இன்னும் பதிவு செய்யவில்லை என்பதும் ஒன்றல்ல, அதனால்தான் இந்த `IF`. நிலைச் சொற்களுக்கு இது:

```
=IF(Tying!L2="","",
 VLOOKUP("Tying|Status|"&TRIM(Tying!L2),
 Words!A:C,3,FALSE))
```

`TRIM` முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கிவிடும். கடைசியில் `FALSE` கட்டாயம், இல்லையென்றால் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஏதோ ஒரு சொல்லைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆபரேட்டர் மூலத் தாளில் நடுவே ஒரு வரியைச் செருகினால் அது தமிழ்த் தாளில் வராது, சூத்திரங்கள் பழைய வரிகளையே பிடித்துக்கொண்டு ஒரு வரி தாண்டிப் போய்விடும். புது வரிகளை எப்போதும் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ்த் தாளில் வரிசை மாற்றுவதும் கூடாது. வரிசை மாற்ற வேண்டுமென்றால் மூலத்தில் மாற்றினால் இங்கே தானாக மாறும். குடோன்காரரே தமிழில் ஏற்றப் போகிறார் என்றால் இந்த ஏற்பாடு போதாது, அதற்கு டிராப்டவுன் பட்டியலோடு வேறு தாள் வேண்டும்.

தமிழ்த் தட்டச்சு பற்றி இரண்டு விஷயம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த சொற்களை `Words` தாளில் ஒட்டாதீர்கள். அது திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத எழுத்தாக இருக்கும். யூனிகோடில் மட்டும் அடியுங்கள். யூனிகோடிலும் கொ என்பதை இரண்டு விதமாக அடிக்க முடியும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும், தனித்தனியாக இரண்டு குறியாகவும். பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, `LEN` போட்டால் ஒன்று 2, இன்னொன்று 3 என்று வரும். கொடுத்தது, கொள்முதல் போன்ற சொற்களில் ஃபில்டர் ஒரே சொல்லை இரண்டாகக் காட்டினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சூத்திரம் வழியாக `Words` தாளிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு சொல்லும் ஒரே ஒரு முறைதான் அடிக்கப்பட்டிருக்கும், அதனால் இந்தத் தொல்லை வராது.

தமிழ்த் தலைப்பு நீளமாகும், சந்தேகமே இல்லை. `Rate` இருந்த இடத்தில் ஒரு சேலைக்குக் கூலி வர வேண்டும். சொல்லை வெட்டி ஒ.சே.கூ. என்று சுருக்காதீர்கள், யாருக்கும் புரியாது. `Wrap Text` கொடுத்தால் தலைப்பு இரண்டு மூன்று வரியாக மடங்கும், நெடுவரிசை அகலம் அப்படியே இருக்கும். `Alt+Enter` அழுத்தி வரியை உடைத்தாலும் அதேபோலத் தெரியும், ஆனால் அந்த உடைப்பு தலைப்பின் ஒரு பகுதியாக உள்ளே உட்கார்ந்துவிடும், பின்னால் யாராவது அந்தத் தலைப்பைத் தேடும் சூத்திரம் எழுதினால் பொருந்தாது. மற்ற மென்பொருளுக்குக் கொடுக்க சிஎஸ்வியாகச் சேமிக்க வேண்டியிருந்தால் `CSV UTF-8` என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சரிபார்ப்பது

முதலில் கூட்டுத்தொகை. மூலத் தாளில் சேலை பாக்கியின் மொத்தம், கூலி பாக்கியின் மொத்தம் இரண்டையும் பாருங்கள், தமிழ்த் தாளிலும் அதே எண் வர வேண்டும். முதலாளி பார்க்கும் அந்த `SUMIF` எண்ணும் நீங்கள் கை வைப்பதற்கு முன் இருந்தபடியே இருக்க வேண்டும்; ஆகவே வேலையைத் தொடங்கும் முன் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆள். தமிழ்த் தாளை அச்செடுத்துக் குடோன்காரரிடம் கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல், ஒரு வரியை வாக்கியமாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். “பதினஞ்சாம் தேதி இருபது சேலை கொடுத்தோம், பதினாலு வந்துருச்சு, இன்னும் ஆறு வரணும், கூலி ரெண்டாயிரத்து நூறுல ஐநூறு முன்பணம் போக ஆயிரத்து அறுநூறு கொடுக்கணும், இருபத்திரெண்டாம் தேதிக்குள்ள மிச்சத்தைக் கொண்டு வரணும்” என்று அவர் தடையில்லாமல் சொன்னால் தலைப்புகள் சரி. எங்கே நின்று தாளையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கிறாரோ அந்தத் தலைப்பை மாற்ற வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார், அதனால் கருத்துக் கேட்காதீர்கள், படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முடிச்சு வேலை செய்யும் ஒருவரிடமும் இதே தாளைக் காட்டுங்கள். கொடுத்தது என்ற தலைப்பைக் கடைக்காரர் கடை கொடுத்தது என்று படிப்பார், முடிச்சுப் போடுபவர் நான் கொடுத்தது என்று படித்துவிடலாம். அப்படி நடந்தால் கடை கொடுத்த துணி, கடைக்கு வந்த சேலை என்று திசையைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கோப்பை ஒப்படைக்கும்போது ஆபரேட்டரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். நாளைக்கு அவர் `Status`-இல் `Dye` என்று புதிதாக ஒரு சொல்லைப் போட்டால் தமிழ்த் தாளில் அந்தக் கட்டத்தில் `#N/A` என்று வரும். அது கோப்பு கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, அந்தச் சொல்லுக்கு இன்னும் தமிழ் முடிவு செய்யவில்லை என்றுதான் பொருள். அதை மறைப்பதற்காக `IFERROR` போட்டுக் காலியாக்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். சாயத்துக்குப் போயிருக்கிறதா, சாயம் முடிந்துவிட்டதா என்று அவரிடமே கேட்டு, `Words` தாளின் கடைசியில் `Tying|Status|Dye` என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அச்சுத் தாள் தானே சரியாகிவிடும்.